இரண்டு நாற்காலியில் ஒருவர்: நடத்தை விதியில் "நலன் முரண்" பிரிவு சொல்வது என்ன?



நம் சங்கத்திற்கு நடத்தை விதிகள் எழுத வேண்டும் என்று முடிவாகி, அதன் முதல் நகல் சென்ற நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. சந்தா பாக்கி, எடைக்கல் முத்திரை, விடுமுறை நாள் ஆகிய பிரிவுகளை எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். "நலன் முரண்" என்ற தலைப்பு வந்ததும் கூட்டத்தில் சலசலப்பு. ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர் எழுந்து, "என்ன அண்ணாச்சி, எங்களையெல்லாம் களவாணின்னு எழுதப் போறீயளா?" என்று கேட்டுவிட்டார். கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்வி. அன்றைக்கு நேரம் போதவில்லை. ஆகவே இங்கே விளக்கமாக எழுதுகிறோம்.

முதலில் அந்தத் தம்பிக்குப் பதில். நலன் முரண் என்பது களவு அல்ல. களவு ஒரு செய்கை. நலன் முரண் என்பது ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடம். பிறருக்காக முடிவு எடுக்க வேண்டிய நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அந்த முடிவால் நம் சொந்தக் கல்லாப் பெட்டிக்கோ, நம் வீட்டாருக்கோ, நம் பங்காளிக்கோ லாபமோ நஷ்டமோ வரும். அந்த நிலைக்குத்தான் இந்தப் பெயர். அதில் இருப்பவர் ஒரு பைசா கூட எடுக்காதவராக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார். ஆனால் அவர் எடுக்கவில்லை என்பதை அவராலும் நிரூபிக்க முடியாது, பார்ப்பவராலும் நம்ப முடியாது. அதுதான் இதிலுள்ள சங்கடம்.

இதற்கு நல்ல உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் இருக்கிறது. நம் பகுதியில் வீடு கட்டியவர்களுக்குச் சங்கர் சிமெண்ட் மூட்டை தெரியாமல் இராது. அதைத் தயாரித்த இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் முதல் ஆலை 1949-ல் தாழையூத்து சங்கர்நகரில் தொடங்கியது. (2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி அல்ட்ராடெக் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.) 2008-ல் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தவர் திரு. என். சீனிவாசன். அதே சமயம் அவர் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளராகவும் இருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கிரிக்கெட் வாரியம் என்றால் ஏதோ டெல்லி அரசாங்க இலாகா என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு சங்கம். 1975-ம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம். தலைவர், செயலாளர், பொருளாளர், பொதுக்குழு, தீர்மானப் புத்தகம் என்று நம்மைப் போன்ற அமைப்புதான், பணம் மட்டும் கோடிக்கணக்கில். ஆகவே அங்கே நடந்தது நமக்கும் பாடம் ஆகும்.

அந்த வாரியத்தின் விதிகளில் 6.2.4 என்று ஒன்று இருந்தது. வாரியம் நடத்தும் ஆட்டங்களிலும் நிகழ்ச்சிகளிலும் வாரிய நிர்வாகி எவருக்கும் நேராகவோ மறைமுகமாகவோ வியாபாரத் தொடர்பு இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். மிகச் சுத்தமான விதி. 2008 ஜனவரியில் ஐ.பி.எல். அணிகள் ஏலத்துக்கு வந்தன. இந்தியா சிமெண்ட்ஸ் சென்னை அணியை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது. எடுப்பதற்கு முன் திரு. சீனிவாசன் வாரியத் தலைவருக்குக் கடிதம் எழுதி, எங்கள் கம்பெனி கேட்கலாமா என்று விளக்கம் கேட்டார், தடையில்லை என்று பதிலும் வந்தது. அதாவது அவர் ஒளித்துச் செய்யவில்லை. இதை நாம் கவனிக்க வேண்டும்.

பிறகு அதே வருடம் செப்டம்பர் 27-ம் தேதி 6.2.4-ம் விதி திருத்தப்பட்டது. நிர்வாகிக்கு வியாபாரத் தொடர்பு கூடாது என்பது அப்படியே இருக்கட்டும், ஆனால் ஐ.பி.எல்., சாம்பியன்ஸ் லீக் போன்றவற்றுக்கு அது பொருந்தாது என்று ஒரு வால் சேர்த்தார்கள். அந்த ஆண்டுதான் அவர் வாரியச் செயலாளரும் ஆனார், 2011-ல் தலைவர் ஆனார். வாரியத்தின் முன்னாள் தலைவர் திரு. ஏ.சி. முத்தையா இந்தத் திருத்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். விஷயம் அப்படியே நின்றது.

ஐந்து வருடம் ஒன்றும் ஆகவில்லை. எப்போதும் அப்படித்தான் இருக்கும். வியாபாரம் நன்றாக ஓடும் வரை யார் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை.

2013 மே மாதம் சூதாட்டப் புகாரில் சென்னை அணியைச் சேர்ந்த குருநாத் மெய்யப்பனை மும்பை போலீசார் கைது செய்தனர். அவர் திரு. சீனிவாசனின் மருமகன். இப்போது நிலையைப் பாருங்கள். தவறு செய்ததாகச் சொல்லப்படுபவர் மருமகன். அணி மாமனாருடைய கம்பெனிக்குச் சொந்தம். விசாரித்துத் தண்டிக்க வேண்டிய வாரியத்தின் தலைவர் மாமனார். வாரியம் இரண்டு ஓய்வு பெற்ற நீதிபதிகளைக் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. அந்தக் குழு அமைக்கப்பட்ட விதமே சட்டப்படி இல்லை என்று 2013 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைசியில் 2015 ஜனவரி 22-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் டி.எஸ். தாக்கூரும் எஃப்.எம். இப்ராஹிம் கலிஃபுல்லாவும் தீர்ப்பு வழங்கினார்கள். அதில் நாம் படித்துத் தெரிந்து கொள்ள வேண்டியவை இரண்டு. மருமகனின் தவறை மாமனார் மூடி மறைத்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 2008-ல் செய்த திருத்தம் செல்லாது, வியாபாரத் தொடர்பு உள்ளவர் அதை வைத்துக்கொண்டு வாரியத் தேர்தலில் நிற்க முடியாது என்றும் சொன்னது. மறைத்தார் என்பது நிரூபணம் ஆகவில்லை, இருந்த இடம் மட்டும் தவறு. ஸ்டேஷனரிக் கடைத் தம்பியின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் நமக்குக் கிடைக்கவில்லை. அடுத்த தேர்தலில் அவர் தலைவர் பதவிக்கு நிற்கவில்லை. அணிக்கு 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு இரண்டு வருடத் தடை விதித்தது. 2016, 2017 இரண்டு ஆட்டப் பருவங்களிலும் சென்னை அணி இல்லை.

அனுமதிக் கடிதம் இருந்ததே, விதியையும் திருத்தி விட்டார்களே, பின் ஏன் செல்லவில்லை என்று கேட்கலாம். ஒருவரின் சங்கடத்தைத் தீர்ப்பதற்கு அவர் ஒரு நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். அவர் எழுந்திருக்காமல், நாற்காலி இரண்டு இருப்பது தப்பில்லை என்று புத்தகத்தில் எழுதிக் கொண்டால் சங்கடம் தீராது, நிரந்தரம் ஆகிவிடும். நம் ஊர்ச் சங்கங்களிலும் இது நடப்பதுண்டு. "நிர்வாகிகள் சங்கக் கட்டடத்தில் கடை வாடகைக்கு எடுக்கக் கூடாது" என்ற பழைய விதியில், "பொதுக்குழு ஒப்புதல் பெற்றால் எடுக்கலாம்" என்று ஒரு வரி சேரும். சேர்ந்த வருடத்தைப் பார்த்தால் யாருக்காகச் சேர்ந்தது என்று தெரியும்.

2018 விதியின் 38-ம் பிரிவு

நீதிமன்றம் ஏற்றுக் கொண்ட லோதா குழுவின் பரிந்துரைகளை வைத்து வாரியத்தின் புதிய விதிகள் எழுதப்பட்டு, 2018 ஆகஸ்டில் தமிழ்நாட்டுச் சங்கப் பதிவாளரிடமே பதிவாயின. அதில் 38-ம் பிரிவு முழுவதும் நலன் முரண். நாம் பார்த்தவற்றில், சாதாரண மனிதனுக்குப் புரியும்படி உதாரணத்துடன் எழுதிய விதி இதுதான். நம் சங்க நகலையும் இதைப் பார்த்தே எழுதினோம்.

அது கொடுக்கும் உதாரணங்கள் சிலவற்றை நம் பாஷையில் சொல்கிறோம். நிர்வாகியின் மகன் வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஒளிபரப்பு ஒப்பந்தம் போவது ஒன்று. ஊழியரின் மனைவி நடத்தும் சமையல் காண்டிராக்டுக்கு வாரியம் ஆர்டர் கொடுப்பது இன்னொன்று. தேர்வாளராக இருப்பவரின் மகனே தேர்வுக்கு வருவது மற்றொன்று. பதவிக்கு வருமுன் விளம்பரப் பலகைக் கம்பெனி நடத்தியவர், செயலாளர் ஆனதும் அதே கம்பெனிக்கு மைதானப் பலகை ஒப்பந்தம் கிடைப்பது. கடைசியில் சொன்னது முக்கியம். "நான்தான் அந்தக் கடையை விட்டு விலகி விட்டேனே" என்பது பதில் ஆகாது என்று அது சொல்கிறது.

பெயர்களை எடுத்துவிட்டால் இவை எல்லாம் பஜாரில் தினமும் பார்ப்பவை. மளிகைக் கடையில் சரக்குப் பிடிக்கும் ஆள், பொட்டலம் போடும் வேலையைத் தன் வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுக்கிறார். ஜவுளிக் கடை மேனேஜர், தன் மைத்துனரின் தறிக்கூடத்திலிருந்து சேலை எடுக்கிறார். கணக்குப்பிள்ளை ஒரே சமயத்தில் நமக்கும் நமக்குச் சரக்கு அனுப்பும் ஆலைக்காரருக்கும் கணக்கு எழுதுகிறார். கணக்குப்பிள்ளை விஷயத்தைப் பலர் பெரிதாக நினைப்பதில்லை. நமக்கு எவ்வளவு கடன் பாக்கி, எந்த வாரம் கையில் பணம் இருக்காது என்பது தெரிந்த ஒருவர், நமக்கு விலை சொல்பவரின் திண்ணையிலும் உட்காருகிறார். அவர் வாய் திறக்காத உத்தமராக இருந்தாலும், அடுத்த முறை ஆலைக்காரர் தவணையை இறுக்கினால் நம் மனம் யாரை நினைக்கும்?

இந்த 38-ம் பிரிவு நலன் முரணை இரண்டாகப் பிரிக்கிறது. ஒருவகை, வாய் திறந்து சொல்லிவிட்டு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒதுங்கி நின்றால் தீர்ந்து விடுவது. இன்னொரு வகை, சொன்னாலும் ஒதுங்கினாலும் தீராதது. அதற்கு ஒரே வழி பதவியை விடுவது அல்லது தொழிலை விடுவது. வருடத்தில் ஒரு நாள் மைத்துனரின் பந்தல் கடையிலிருந்து ஆடித் தபசுக்குச் சங்கம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறது என்றால் அது முதல் வகை. அந்த ஒரு தீர்மானத்தில் எழுந்து வெளியே போய் நின்றால் போதும். சங்கத்தின் கடைகளுக்கு வாடகை நிர்ணயம் செய்யும் குழுவின் தலைவரே அதில் நான்கு கடைகளுக்கு வாடகைதாரர் என்றால் அது இரண்டாம் வகை. அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து வெளியே போனால் அந்தக் குழுவுக்குத் தலைவர் இல்லை என்று அர்த்தம்.

பதவி ஏற்ற 15 நாளுக்குள் தனக்கு என்னென்ன தொடர்பு உண்டு என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. அதோடு, எழுதிக் கொடுப்பதால் அவர் தவறு செய்கிறார் என்று எண்ணக் கூடாது, அது தகவலுக்காகவே என்றும் சேர்த்திருக்கிறது. இந்த வாக்கியத்தை நம் நகலில் அப்படியே எடுத்துக் கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. நம் ஜனங்கள் எழுதிக் கொடுக்கத் தயங்குவது பயத்தால் அல்ல, மானத்தால்.

எழுதிக் கொடுத்தவர் எல்லாம் பதவி இழக்கிறார் என்பதும் இல்லை. 2019-ல் ராகுல் திராவிட் பெங்களூர் தேசிய கிரிக்கெட் அகாடமிக்குத் தலைமைப் பொறுப்பு ஏற்றார். அவர் இந்தியா சிமெண்ட்சில் துணைத் தலைவர் பதவியில் இருப்பவர் என்று புகார் வந்தது. அந்தப் பதவியிலிருந்து விடுப்பில் இருப்பதாக அவர் சொன்னார். வாரியத்தின் நெறிமுறை அதிகாரியாக இருந்த முன்னாள் நீதிபதி டி.கே. ஜெயின் விசாரித்து, அவர் விஷயத்தில் நலன் முரண் இல்லை என்று அந்த வருடம் நவம்பரில் முடிவு சொன்னார். கேள்வி வந்தது, பதில் கொடுத்தார், எழுத்தில் தீர்ந்தது. இப்போது அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கமிஷன் கடையும் 1872-ம் வருடச் சட்டமும்

இதெல்லாம் புதிய நாகரிகம் என்று எண்ணும் பெரியவர்களுக்காக ஒன்று. நம் கமிஷன் மண்டித் தொழிலுக்கு இந்த விதி 150 வருடத்துக்கு முன்பே சட்டமாகி விட்டது. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216 ஆகிய பிரிவுகளைச் சொல்கிறோம். அதில் ஓர் உதாரணம்: ஒருவர் தன் தோட்டத்தை விற்றுத் தரும்படி முகவரிடம் சொல்கிறார். முகவர் இன்னொருவர் பெயரில் தானே வாங்கிக் கொள்கிறார். முக்கியமான விஷயத்தை முகவர் நாணயமில்லாமல் மறைத்தார் என்றோ, விற்பனையால் தனக்கு நஷ்டம் என்றோ காட்டினால் தோட்டக்காரர் அந்த விற்பனையைத் தள்ளி விடலாம். 216-ம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. விற்கச் சொன்னவருக்குத் தெரியாமல் முகவர் தன் சொந்தக் கணக்கில் அந்த வியாபாரத்தைச் செய்தால், அதில் முகவருக்குக் கிடைத்த லாபத்தையே அவர் கேட்டு வாங்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சம்சாரி 40 மூட்டை வத்தல் கொண்டு வந்து மண்டியில் இறக்குகிறார். மூட்டைக்கு 25 கிலோ, ஆக 1000 கிலோ. கிலோ 150 ரூபாய்க்கு முடிந்தது என்று சீட்டு எழுதுகிறோம். மொத்தம் 1,50,000 ரூபாய். கமிஷன் நூற்றுக்கு 3 என்று வைத்தால் நமக்கு 4,500 ரூபாய். இது நேரான சம்பாத்தியம். ஆனால் சீட்டில் வாங்கியவராக எழுதிய பெயர் நம் மருமகனின் பெயர். சரக்கு நம் கிட்டங்கியை விட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் அதே வத்தல் விருதுநகர் வியாபாரிக்கு 158-க்குப் போகிறது. கிலோவுக்கு 8 ரூபாய், ஆக 8,000 ரூபாய். சம்சாரிக்கு அதிக விலை வாங்கிக் கொடுத்தால் நமக்குக் கமிஷன் கொஞ்சம் கூடும். 8 ரூபாய் கூட வாங்கிக் கொடுத்திருந்தால் நமக்குக் கூடுவது 240 ரூபாய்தான். குறைவாக வாங்கிக் கொடுத்தாலோ 8,000. எந்த மனிதனுடைய மனதையும் இந்தத் தராசில் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் சட்டம்.

"அன்றைய தேதிக்கு 150 தான் மார்க்கெட், மூன்று நாளில் ஏறியதற்கு நாம் என்ன செய்வோம்?" என்று கேட்பவர் உண்டு. உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் செய்ய வேண்டியது எளிது. விற்கும் முன் சம்சாரியிடமே சொல்லிவிட வேண்டும்: "இன்னைக்கு வெளியாள் 149 வரைக்கும்தான் கேட்காக. 150-க்கு நாங்களே எடுத்துக்கிடுதோம், சம்மதமா? இல்லைன்னா ரெண்டு நாள் வச்சிருந்து பார்ப்போமா?" சட்டம் கேட்பது இவ்வளவே: நமக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லி, முன்கூட்டிச் சம்மதம் வாங்குவது. விருதுநகரிலிருந்து காலையில் போன் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வாங்கினால் அது வியாபாரம். சீட்டில் "சொந்தக் கொள்முதல், சம்மதத்துடன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொண்டால் பின்னால் பேச்சு இல்லை.

கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வயதான காலத்தில் மேற்பார்வை மட்டும் பார்ப்பவர்களுக்கு, இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்கும் அடையாளம் சொல்கிறோம். மாதச் சீட்டுக் கட்டைப் புரட்டினால் நல்ல தரச் சரக்குக்கெல்லாம் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயருக்கு எழுதிய விலை அன்றைய உச்ச விலைக்கு எப்போதும் ஓரிரு ரூபாய் கீழே நிற்கும், ஒரு நாளும் மேலே போகாது. லாரி ஏற்றுக்கூலி அந்தப் பெயரில் விழுந்திருக்காது. மூன்றும் சேர்ந்தால் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதுதான்.

நாம் செய்த தவறு

பிறரைப் பற்றியே எழுதினால் வாசகர்கள் சிரிப்பார்கள். ஆகவே நம் கதையும். சுமார் 20 வருடத்துக்கு முன் நாம் ஓர் அமைப்பில் பொருளாளராக இருந்தோம். மண்டபத்துக்குத் தகரக் கூரை போட இரும்புக் கடைக்காரர்களிடம் விலைப்புள்ளி கேட்டோம். கவர்கள் நம் கடைக்குத்தான் வரும். நான்கு பேரிடம் கேட்டதில் மூன்று வந்து, பிரித்துப் பார்த்தாகி விட்டது. நான்காமவர் நம் வீட்டுக்காரியின் தம்பி.

கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இலையில் உட்கார்ந்து கொண்டே, "என்ன அத்தான், மத்தவங்கள்லாம் என்ன ரேட்டு போட்டிருக்காவ?" என்று கேட்டார். நாம் சொல்லவில்லை. "அதெல்லாம் கேட்கப்படாது மாப்பிள்ளை. கொஞ்சம் பார்த்துப் போடு" என்றோம். அவ்வளவுதான். நாம் நாணயமாக நடந்து கொண்டோம் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் அவர் கொடுத்த புள்ளி, மற்ற மூன்றில் குறைந்ததை விட 1,100 ரூபாய் குறைவு. வேலை அவருக்குப் போயிற்று. நல்ல தகரம், நல்ல வேலை, இன்றும் ஒழுகவில்லை. அமைப்புக்கு 1,100 ரூபாய் மிச்சம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நாமும் நெடுநாள் நினைத்திருந்தோம்.

இரண்டு வருடம் கழித்து சுற்றுச்சுவருக்குக் கேட் போடப் புள்ளி கேட்டபோது அந்த மூவரில் இருவர் கவரே அனுப்பவில்லை. நேரில் போய்க் கேட்டதற்கு ஒருவர், "எதுக்கு அண்ணாச்சி, உங்க மச்சினன் இருக்காருல்லா" என்று மரியாதையாகச் சிரித்தார். இரண்டு பேர்தான் விலை கொடுத்தார்கள், அதில் குறைந்ததே மார்க்கெட்டை விட அதிகம். கூரையில் மிச்சம் பிடித்ததைப் போல் மூன்று மடங்கு கேட்டில் போயிற்று. "பார்த்துப் போடு" என்றால் மற்றவர்கள் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம் என்பது நமக்கு அப்போதுதான் உறைத்தது. நாம் ரகசியத்தைச் சொல்லவில்லை என்று எண்ணிக் கொண்டே சொல்லியிருக்கிறோம். நம் தவறு அந்த ராத்திரியில் அல்ல. மைத்துனர் புள்ளி கொடுக்கப் போகிறார் என்று தெரிந்த அன்றே, கவர்களை வேறொருவர் கடைக்கு அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது இதிலுள்ள ஒரு கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்கிறோம். நம் சங்கரன்கோவில் மாதிரி ஊரில் பஜாரில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் சொந்தம், மீதிப்பேர் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள். சொந்தம் என்று எல்லோரும் எழுந்து வெளியே போனால் கூட்டம் நடத்த ஆள் இருக்காது. ஆகவே நம் நகலில் சொந்தத்தை எல்லையில்லாமல் விரிக்கவில்லை. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தார், அவர்களுடைய வாழ்க்கைத் துணை, தொழில் கூட்டாளி, இவ்வளவோடு நிறுத்தியிருக்கிறோம். சித்தப்பா பையன், ஒன்றுவிட்ட மாமா என்று போனால் முடிவில்லை. ஆனால் தூரத்துச் சொந்தமாக இருந்தாலும் அவரிடம் நமக்குக் கடன் நிலுவை இருந்தால் அது எழுதப்பட வேண்டும். சொந்தத்தை விடக் கடன் மனிதனை அதிகம் வளைக்கும் என்பது 40 வருட மண்டி அனுபவம்.

தீபாவளிக்கு வரும் ஸ்வீட் பெட்டி, காலண்டர் பற்றியும் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சங்கத்துக்குச் சரக்கு விற்பவர் நிர்வாகியின் வீட்டுக்கு அனுப்பும் எதுவும் சங்க அலுவலகத்துக்கு வந்து, எல்லோர் முன்னிலும் பிரித்துச் சாப்பிடக் கூடியதாக இருந்தால் வாங்கலாம். அப்படிப் பிரிக்க முடியாத பொருளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இனி தீர்மானப் புத்தகத்தில் எழுதும் முறை. இது சரியாக எழுதப்படாவிட்டால் ஒதுங்கி நின்றதற்குச் சாட்சி இல்லை. "செயலாளர் தன் நலனைத் தெரிவித்தார்" என்று மொட்டையாக எழுதினால் போதாது. என்ன தொடர்பு, எப்போது சொன்னார், எப்போது வெளியே போனார், எப்போது வந்தார், அவர் இல்லாதபோது யார் தலைமை என்பது வர வேண்டும். அவர் அறையிலேயே உட்கார்ந்து கொண்டு, "நான் பேச மாட்டேன், நீங்கள் பேசுங்கள்" என்பது ஒதுங்கியதாக ஆகாது. முகத்தைப் பார்த்துக் கொண்டு யார் எதிர்த்துப் பேசுவார்கள்? முன்மாதிரி கீழே தருகிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் தங்கள் கருத்தை எழுதிக் கொண்டு வரவும்.

"பொருள் 4: கிட்டங்கிக்குச் சிமெண்ட் வாங்குதல். பொருளாளர் அவர்கள், விலைப்புள்ளி கொடுத்துள்ள மூன்று கடைகளில் ஒன்று தன் தம்பியுடையது என்றும், அதில் தனக்குப் பங்கு இல்லை என்றும், விலைப்புள்ளிக் கவர்கள் எதையும் தான் பார்க்கவில்லை என்றும் பொருள் எடுக்கப்படும் முன் தெரிவித்தார். மாலை 6.20-க்கு அவர் அறையை விட்டு வெளியே சென்றார். துணைத் தலைவர் கவர்களைக் கூட்டத்தில் பிரித்து மூன்று விலைகளையும் வாசித்தார். தீர்மானம் நிறைவேறியது. பொருளாளர் 6.45-க்குத் திரும்பி வந்தார். இந்தக் கொள்முதலுக்கான காசோலையில் அவருக்குப் பதிலாகத் துணைச் செயலாளர் கையெழுத்திடுவார்."